ராத்திரி சார்ஜில் கிடக்கும் உங்கள் போன் யாருக்கு வேலை பார்க்கிறது?

ராத்திரி 11 மணி. போனை சார்ஜில் சொருகிவிட்டு, வைஃபையை அணைக்காமல் படுத்துவிடுகிறீர்கள். ஸ்க்ரீன் கறுப்பாகக் கிடக்கிறது. போனும் தூங்குகிறது என்றுதானே நினைக்கிறோம்? கீபோர்டின் செட்டிங்கைப் பொறுத்து, அந்த நேரத்தில் அது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். பகலில் நீங்கள் டைப் செய்ததில் கொஞ்சத்தை.

பதறவேண்டாம். உங்கள் மெசேஜ் எங்கும் போவதில்லை. 'டேட்டா உங்கள் போனை விட்டு வெளியே போகாது' என்று கம்பெனிகள் சொல்கிறார்களே, அது உண்மைதான். ஆனால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியுமா என்பது வேறு கேள்வி. மெசேஜ் போகவில்லை, சரி. அப்போ எதுதான் போகிறது?

கூகுளின் ஜிபோர்டு கீபோர்டை எடுத்துக்கொள்வோம். நம்மில் நிறைய பேர் போனில் இருப்பது அதுதான். தவிர, இந்த முறையை முதலில் பெரிய அளவில் ஓடவிட்டதும் அதில்தான்.

'நாளைக்கு ஆபீஸ்' என்று அடித்தால் மேலே 'போகணும்', 'லீவ்', 'இருக்கு' என்று மூன்று சொற்கள் எட்டிப் பார்க்கும் அல்லவா? அடுத்த சொல் எது என்று யூகிக்க ஒரு மாடல் வேண்டும். அந்த மாடலுக்கு மனிதர்கள் நிஜமாக எப்படி டைப் செய்கிறார்கள் என்று தெரியவேண்டும். புத்தகத்தையும் செய்தித்தாளையும் கொடுத்துப் பழக்கினால், தோழிக்கு மெசேஜ் அனுப்பும்போது தலையங்கம் மாதிரி யூகிக்கும். எல்லோருடைய மெசேஜையும் சர்வரில் கொட்டிப் பழக்கினால் நன்றாக வரும். ஆனால், அதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

இதற்கு 2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். பெயர், ஃபெடரேட்டட் லேர்னிங். டேட்டாவை மாடலிடம் கொண்டுவருவதற்குப் பதில், மாடலை டேட்டா இருக்கும் இடத்துக்கு அனுப்புவது. 2017-ல் ஜிபோர்டில் சோதித்துப் பார்க்கிறோம் என்று அறிவித்தார்கள். போன் சார்ஜில் இருக்கவேண்டும், இலவச வைஃபையில் இருக்கவேண்டும், யாரும் கையில் வைத்து நோண்டாமல் இருக்கவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். அதனால்தான் ராத்திரி 11 மணி.

உள்ளே நடப்பது இதுதான். சர்வரிலிருந்து ஒரு சின்ன மாடல் உங்கள் போனுக்கு இறங்குகிறது. மாடல் என்றால் எண்களின் குவியல், அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்க ஆங்கிலத்துக்காக அவர்கள் விவரித்த மாடலில் சுமார் 14 லட்சம் எண்கள். அதற்குத் தெரிந்த சொற்கள் 10,000. உங்கள் போன் நீங்கள் அடித்த வாக்கியத்தை எடுத்து, கடைசிச் சொல்லை மறைத்துவிட்டு மாடலைக் கேட்கிறது: 'அடுத்தது என்ன?' தப்பாகச் சொன்னால், அந்த எண்களில் சிலவற்றைத் துளித்துளியாக ஏற்றி இறக்குகிறது. இப்படிச் சில நூறு முறை. கடைசியில், வந்தபோது இருந்த எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று கணக்குப் பார்த்து, அந்த வித்தியாசத்தை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர், பல போன்களிலிருந்து வந்த வித்தியாசங்களைச் சராசரி எடுத்து மாடலைத் திருத்துகிறது. ஒரு சுற்று முடிந்தது. அந்த 2018 மாடலுக்கு இப்படி 3,000 சுற்றுகள் ஓடின. 15 லட்சம் போன்கள், 60 கோடி வாக்கியங்கள், நாலைந்து நாள்கள். ஒரு வாக்கியம்கூட சர்வருக்கு வரவில்லை. சர்வரிலேயே வைத்துப் பழக்கிய மாடலைவிட இது கொஞ்சம் நன்றாகவே யூகித்தது.

அந்த வித்தியாசத்தில் என்ன ஒளிந்திருக்கிறது?

இதுவரை கேட்க நன்றாக இருக்கிறது. இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு வாரமாக அக்காவிடம் 'பயாப்ஸி', 'ரிசல்ட்', 'பாசிட்டிவ்' என்று மாற்றி மாற்றி டைப் செய்திருக்கிறீர்கள். உங்கள் போன் அனுப்பும் வித்தியாசத்தில் எந்த எண்கள் அதிகம் நகர்ந்திருக்கும்? பல மாடல்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி வரிசையாக எண்கள் இருக்கும். நீங்கள் தொடாத சொல்லின் வரிசை அநேகமாக அசையாது. தொட்ட சொல்லின் வரிசை அசையும். வாக்கியம் போகவில்லைதான். ஆனால், வாக்கியத்தின் கால்தடம் போகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள், இப்படி அனுப்பப்படும் திருத்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, பழக்கப் பயன்பட்ட படத்தைப் புள்ளிக்குப் புள்ளி மீட்டெடுத்துக் காட்டினார்கள். எழுத்தையும் பெருமளவு மீட்டார்கள். ஒரு தடவைக்கு நாலைந்து உதாரணங்களை மட்டும் வைத்துப் பழக்கினால் இது சுலபம். நிறைய உதாரணங்களைக் கலந்து, பல படிகள் ஓடிய பிறகு அனுப்பினால் கஷ்டம். கஷ்டம்தான், முடியவே முடியாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆக, ஒரு தனிப் போனின் வித்தியாசத்தை சர்வர் பார்க்கவே கூடாது. கூட்டுத்தொகை மட்டும் தெரியவேண்டும். தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டுவது எப்படி? கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும். நம் வாக்கிங் தோழிகளை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும்.

மீனா, சாந்தி, லதா. மூவரும் வேலைக்குப் போகிறவர்கள். 'நம்ம மூணு பேர் சராசரி சம்பளம் எவ்வளவு?' என்று ஒரு ஆர்வம். ஆனால், யாரும் வாயைத் திறந்து தன் சம்பளத்தைச் சொல்லமாட்டார்கள் (உலகத்தில் எந்த வாக்கிங் குரூப்பில் சொல்வார்கள்?). மீனாவுக்கு 30,000. சாந்திக்கு 45,000. லதாவுக்கு 60,000.

என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டிரண்டு பேராகக் காதோடு ஒரு ரகசிய எண்ணைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். ஜோடியில் ஒருத்தி அதைக் கூட்டவேண்டும், இன்னொருத்தி கழிக்கவேண்டும். மீனாவும் சாந்தியும் 7,000 என்று வைத்துக்கொள்கிறார்கள். மீனா கூட்டுவாள், சாந்தி கழிப்பாள். சாந்தியும் லதாவும் 12,000. சாந்தி கூட்டுவாள், லதா கழிப்பாள். மீனாவும் லதாவும் 25,000. மீனா கூட்டுவாள், லதா கழிப்பாள்.

இப்போது சத்தமாகச் சொல்கிறார்கள். மீனா: 62,000. சாந்தி: 50,000. லதா: 23,000. இந்த மூன்று எண்களும் தனியாகப் பார்த்தால் வெறும் குப்பை. அதிகச் சம்பளம் வாங்கும் லதாதான் குறைந்த எண்ணைச் சொல்லியிருக்கிறாள்! ஆனால் கூட்டிப் பாருங்கள்: 1,35,000. மூன்றால் வகுத்தால் 45,000. சரியான சராசரி. கூட்டிய ரகசியமும் கழித்த ரகசியமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

போன்களும் இதையேதான் செய்கின்றன, பிரமாண்டமான ரகசிய எண்களை வைத்துக்கொண்டு. 2017-ல் கூகுள் குழு இந்த முறையை விரிவாக எழுதியது. செக்யூர் அக்ரிகேஷன் என்று பெயர். அதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. பாதியில் யாராவது சார்ஜரைப் பிடுங்கிவிட்டால்? லதா எண்ணைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால், மீனாவும் சாந்தியும் அவளுடன் பேசிவைத்த ரகசியங்கள் கழியாமல் தொங்கும், கூட்டுத்தொகையே நாசம். அதற்காக ஒவ்வொரு போனும் தன் ரகசியச் சாவியைத் துண்டு துண்டாக்கி மற்ற போன்களிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கிறது. ஆள் காணாமல் போனால், போதுமான பேர் துண்டுகளைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்துவிடலாம்.

கூட்டுத்தொகையும் வாய் திறக்கும்

பிரச்னை முடிந்ததா? இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த மாதம் லதா ஊருக்குப் போய்விட்டாள். மீனாவும் சாந்தியும் மட்டும் இதே விளையாட்டை ஆடுகிறார்கள். கூட்டுத்தொகை 75,000. போன மாதம் 1,35,000. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மாமாவுக்கு ஒரே கழித்தல்தான்: லதாவின் சம்பளம் 60,000. யாரும் எதையும் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் வெளியே வந்துவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் டிஃபரன்ஷியல் பிரைவசி. 2006-ல் சிந்தியா டுவோர்க், ஃபிராங்க் மெக்‌ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் ஆகிய நால்வர் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். சாரம் இதுதான்: நீங்கள் கணக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியே தெரியும் விடை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கவேண்டும். பெஞ்சில் இருக்கும் மாமா எவ்வளவு கழித்தாலும் 'லதா இருந்தாளா, இல்லையா' என்றே தீர்மானிக்க முடியக் கூடாது.

அதற்கு இரண்டு வேலை செய்யவேண்டும். முதலாவது, கத்தரி. 'யார் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், 1 லட்சத்துக்கு மேல் சொல்லக் கூடாது. அதிகம் இருந்தால் 1 லட்சம் என்றே வைத்துக்கொள்' என்று ஒரு உச்சவரம்பு. போன்களிலும் அப்படியே. நீங்கள் ஒரே சொல்லை ஒரு நாளில் 500 தடவை அடித்தாலும், உங்கள் ஒருவருடைய வித்தியாசம் மாடலை இவ்வளவுக்கு மேல் இழுக்க முடியாது என்று வெட்டிவிடுவார்கள்.

இரண்டாவது, இரைச்சல். கூட்டுத்தொகையோடு குலுக்கல் சீட்டு மாதிரி ஒரு எண்ணைக் கலப்பது. ஒரு தனி ஆளை மறைக்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்கவேண்டும். நம் கணக்கில் உச்சவரம்பு 1 லட்சம் என்பதால், இரைச்சலும் ஏறத்தாழ 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தோழிகளின் கூட்டுத்தொகை 1,35,000-ல் 1 லட்சத்தைக் கூட்டியோ கழித்தோ விட்டால் என்ன ஆகும்? சராசரியில் 33,000 ரூபாய் பிசகும். விடையைத் தூக்கிக் குப்பையில் போடவேண்டியதுதான். அதுவே 6,500 பேர் கலந்துகொண்டால்? அதே 1 லட்சம் இரைச்சல், 6,500-ஆல் வகுபட்டு, சராசரியில் 15 ரூபாய் சொச்சம் மட்டுமே பிசகாகும். அந்தக் கூட்டத்தில் லதாவும் மறைந்துவிட்டாள், சராசரியும் கெடவில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் மட்டுமே இந்த வித்தை பலிக்கும்.

6,500 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 2022-ல் கூகுள், ஸ்பானிஷ் மொழி ஜிபோர்டின் அடுத்த சொல் மாடலை இந்த உத்தரவாதத்தோடு பழக்கியதாக அறிவித்தது. சுற்றுக்கு 6,500 போன்கள், 2,000 சுற்றுகள், ஆறு நாள்கள். ஒரு போன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது. ஏன் இந்தக் கட்டுப்பாடு? இரைச்சல் ஒரு முறை மறைக்கும். அதே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசிவுகள் கூடிக்கொண்டே போகும்.

இதைச் செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய கணிதம், 'போன்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடு' என்று நிபந்தனை போட்டது. நடைமுறையில் போன்களை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. எப்போது சார்ஜ் போடுகிறோமோ அப்போதுதான் அவை வரும். ராத்திரி ஆனால் மொத்தமாக வரும், பகலில் காணாமல் போகும். அந்த நிபந்தனையே இல்லாமல், ஒரு சுற்றின் இரைச்சலை அடுத்தடுத்த சுற்றுகளின் இரைச்சலோடு பின்னிக் கணக்குப் போடும் ஒரு முறையை 2021-ல் கண்டுபிடித்த பிறகுதான் இது சாத்தியமானது.

எவ்வளவு பாதுகாப்பு?

டிஃபரன்ஷியல் பிரைவசியில் எனக்குப் பிடித்தது, இது 'நாங்கள் உங்கள் ரகசியத்தை மதிக்கிறோம்' என்று பேசாது, எண்ணில் பேசும். அந்த எண்ணின் பெயர் எப்சிலான். சின்னதாக இருந்தால் பாதுகாப்பு அதிகம். எப்சிலான் 1 என்றால், விடையைப் பார்த்த பிறகு 'இந்த ஆள் கணக்கில் இருந்தார்' என்ற சந்தேகம் அதிகபட்சம் சுமார் 2.7 மடங்குதான் கூடமுடியும். அந்த ஸ்பானிஷ் மாடலுக்கு கூகுள் சொன்ன எப்சிலான் 8.9. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால், ஏழாயிரம் மடங்குக்கு மேல்!

ஏழாயிரமா? இதற்குப் போய் உத்தரவாதம் என்று பெயரா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இந்தக் கணக்கு, எதிராளி மிக மோசமானவன் என்று வைத்துப் போடுவது. உங்களைத் தவிர மற்ற எல்லோருடைய டேட்டாவும், ஒவ்வொரு சுற்றின் கூட்டுத்தொகையும் அவன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. நிஜத்தில் யாருக்கும் அவ்வளவு கிடைக்காது. தவிர, இங்கே மறைக்கப்படுவது உங்கள் ஒரு வாக்கியம் இல்லை. உங்கள் போன் கொடுத்த மொத்தமும். ஆனாலும் 8.9 என்பது 1 இல்லை. கம்பெனி எண்ணை வெளியே சொன்னதால்தான் நாம் இப்படிக் கேட்கவே முடிகிறது. எண்ணே சொல்லாமல் 'டிஃபரன்ஷியல் பிரைவசி பயன்படுத்துகிறோம்' என்று மட்டும் எழுதியிருந்தால், விலை எழுதாத புடவைக் கடை மாதிரிதான்.

காகிதக் கணக்கை விடுங்கள், நிஜத்தில் மாடல் ரகசியத்தை மனப்பாடம் செய்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பொறி இருக்கிறது. யாரும் சொல்லவே வாய்ப்பில்லாத ஒரு அபத்த வாக்கியத்தைத் தயாரித்து, பழக்கும் டேட்டாவில் வேண்டுமென்றே நட்டுவைப்பார்கள். பழக்கி முடித்த பிறகு முதல் இரண்டு சொற்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மீதியைக் கடகடவென்று ஒப்பித்தால், மாட்டிக்கொண்டது. 2020-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் நிஜப் போன்களுக்கு நடுவே பொய்ப் போன்களைக் கலந்து இதைச் செய்து பார்த்தார்கள். ஒரே ஒரு பொய்ப் போனில் மட்டும் இருந்த வாக்கியம் மாடலில் ஒட்டவில்லை. பல போன்களில், பல நூறு தடவை நட்ட வாக்கியம் ஒட்டிக்கொண்டது.

இதை நன்றாகக் கவனியுங்கள். உங்களிடம் மட்டும் இருப்பது மறையும். பலரிடம் இருப்பது மறையாது. அம்மாவின் பயாப்ஸி விஷயம் முதல் வகை. ஒரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேரும் ஒரே வதந்தியை டைப் செய்தால், அது இரண்டாவது வகையை நோக்கி நகர்கிறது.

விலையை யார் கொடுப்பது?

கத்தரியும் இரைச்சலும் இலவசம் இல்லை. அந்த விலை எல்லோர் தலையிலும் சமமாக விழுவதும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பேசுகிறவர்களின் சொற்கள் இரைச்சலையும் மீறிக் கேட்கும். தனியாகப் பேசுகிறவர்களின் சொற்கள் அதில் மூழ்கும். 2019-ல் வந்த ஒரு ஆய்வு இதைச் சோதித்தது. இந்த முறையில் பழக்கிய மாடல்களில், ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைந்த பிரிவினருக்குத்தான் துல்லியம் அதிகம் அடிவாங்கியது.

நம் ஊர்க் கணக்கில் நினைத்துப் பார்த்தால், 'சீக்கிரம் வா' என்பதைக் கோடிப் பேர் அடிப்பார்கள், அது பிழைக்கும். 'வெள்ளன வா' என்று எழுதுகிற தென்மாவட்டத்துக்காரர் வாயில் வரும் சொல், இப்படியொரு மாடலில் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துபோகலாம். எந்த இரைச்சல் அவருடைய ரகசியத்தைக் காக்கிறதோ, அதே இரைச்சல்தான் அவருடைய சொல்லையும் விழுங்குகிறது. இரண்டையும் ஒருசேரத் தீர்க்க சுலபமான வழி ஒன்றுதான்: அவரைப் போலப் பேசுகிறவர்கள் இன்னும் நிறைய பேர் கலந்துகொள்வது.

கடைசியாக, போனை எடுத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் பேரக் குழந்தையின் செல்லப்பெயரை இரண்டு தடவை அடித்தவுடன் மூன்றாவது தடவை கீபோர்டே எடுத்துக் கொடுக்கிறதே, அது இந்த வேலை இல்லை. அது உங்கள் போன் உங்களுக்காக மட்டும் கற்றுக்கொள்வது. கீபோர்டு செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போனால், கற்ற சொற்களை அழிக்கும் வசதி தனியாக இருக்கும். எல்லோருக்காகவும் கீபோர்டை மேம்படுத்தப் பங்களிக்கிறீர்களா என்று கேட்கும் ஸ்விட்ச் தனியாக இருக்கும். முதலாவதை அழித்தால் உங்கள் செல்லப்பெயர்கள் போகும், ராத்திரி வேலை நிற்காது. இரண்டாவதை அணைத்தால் ராத்திரி வேலை நிற்கும், செல்லப்பெயர்கள் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. இந்தக் கத்தரி, இரைச்சல், காதோடு பேசும் ரகசிய எண் எல்லாம் தனித்தனிப் பூட்டுகள். எல்லா மாடலிலும் எல்லாப் பூட்டும் போடப்பட்டிருக்கும் என்று நினைக்காதீர்கள். இரைச்சலை சர்வர்தான் கலக்கிறது என்றால், அது ஒழுங்காகக் கலக்கிறது என்று நீங்கள் நம்பியாகவேண்டும். அழகான தீம் இருக்கிறதே என்று எங்கிருந்தோ இறக்கிய கீபோர்டில் இதில் ஒரு பூட்டுகூட இல்லாமல் இருக்கலாம்; அது நீங்கள் அடிப்பதை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வங்கி பாஸ்வேர்டும் அதில்தான் அடிக்கிறீர்கள்.

ஸ்விட்சை நான் அணைத்தேனா என்று கேட்கிறீர்களா? என்னுடையது ஆன்தான். அம்மாவின் போனில் இருந்த தீம் கீபோர்டைத்தான் அன்றைக்கே தூக்கினேன்.